சேவ் ஒரு பக்கம், ஷேர் ஒரு பக்கம், வாட்ச் டைம் ஒரு பக்கம் இழுக்கிறது: அடுத்து எதை எடுப்பது?

கீரைப்பாத்தி · ஜூன் 8, காலை 7:40

மாடித்தோட்டம் பற்றி இன்ஸ்டாவில் ரீல் போடுகிற பக்கம். வாரத்துக்கு ஒன்றுதான் எடுக்க முடிகிறது, அதனால் தலைப்பை வீணாக்க முடியாது. கடைசி நான்கு ரீல்களின் எண்கள் கீழே. ஒவ்வொன்றும் போட்ட ஏழாம் நாள் குறித்தது.

1. மாவுப்பூச்சிக்கு வேப்ப எண்ணெய்க் கரைசல், 38 விநாடி. ரீச் 21,400, சேவ் 610, ஷேர் 188, சராசரியாகப் பார்த்தது 14 விநாடி.

2. கறிவேப்பிலை துளிர்க்கப் புளித்த மோர், 22 விநாடி. ரீச் 46,000, சேவ் 520, ஷேர் 940, சராசரி 11 விநாடி.

3. தேங்காய் நார்க்கட்டி தண்ணீரில் ஊறி விரிவது, 16 விநாடி. ரீச் 88,000, சேவ் 260, ஷேர் 210, சராசரி 15 விநாடி.

4. தொட்டி மண்கலவை அளவு, 52 விநாடி. ரீச் 3,900, சேவ் 117, ஷேர் 31, சராசரி 9 விநாடி.

சேவில் முதலாவது முன்னால் நிற்கிறது. ஷேரில் இரண்டாவது. பார்த்த நேரத்தில் மூன்றாவது. நான்காவது எல்லாவற்றிலும் படுத்துவிட்டது, அதை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். மற்ற மூன்றில் எதன் வழியில் அடுத்ததை எடுப்பது?

---

திருச்சிக்காரன் · ஜூன் 8, காலை 8:05

ஷேர்தாங்க எல்லாம். இன்ஸ்டாகிராம் தலைவர் மொசேரியே 2025 ஜனவரியில சொல்லிட்டார், புது ஆளுங்ககிட்ட போகணும்னா ஷேர்தான் முக்கியம்னு. மோர் ரீல் மாதிரி இன்னும் நாலு எடுங்க. சேவ் எல்லாம் வெறும் அலங்காரம்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 8, காலை 9:30

திருச்சிக்காரன் சொன்னதில் பாதி சரி. மொசேரி அன்று சொன்னது மூன்று: பார்த்த நேரம், லைக், ஷேர். ஏற்கெனவே ஃபாலோ செய்பவர்களிடம் லைக் சற்றுக் கூடுதல் எடை, ஃபாலோ செய்யாதவர்களிடம் ஷேர் கூடுதல் எடை என்றார். ஒரு ரீலை இன்ஸ்டா யாரிடம் கொண்டுபோகும் என்பதற்கான பதில் அது. இங்கே கேள்வி, எந்தத் தலைப்புக்கு ஆள் இருக்கிறது என்பது. இரண்டையும் ஒன்றாக்கிவிட்டால் விடை தப்பும்.

கீரைப்பாத்தி, நான்காவதைத் தூக்கிப் போடாதீர்கள். மொத்த எண்ணிக்கையை வைத்து ஒப்பிட்டதால்தான் அது படுத்தது போலத் தெரிகிறது. 88,000 பேர் பார்த்ததையும் 3,900 பேர் பார்த்ததையும் பக்கத்தில் வைத்து யாருக்கு சேவ் அதிகம் என்று கேட்பது, பெரிய குளத்தில் மீன் அதிகம் என்பது போலத்தான். ஆயிரம் பேருக்கு எத்தனை சேவ் என்று பாருங்கள். முதலாவது 28 அல்லது 29, இரண்டாவது 11, மூன்றாவது 3, நான்காவது 30. கடைசியில் கிடந்தது முன்வரிசைக்கு வந்துவிட்டது.

வகுக்கும்போது ரீச் எண்ணால் வகுக்க வேண்டும், வியூஸால் அல்ல. ஒரே ஆள் மூன்று தடவை ஓடவிட்டால் வியூஸ் மூன்று, ஆனால் அவர் சேவ் செய்யப்போவது ஒரு தடவைதான். உங்கள் நார்க்கட்டி ரீல் போல 16 விநாடியில் சுற்றிச் சுற்றி ஓடுவதற்கு வியூஸ் ஊதிப்போய் இருக்கும்.

நான்கு ரீலின் ஸ்கிப் ரேட்டையும் போடுங்கள். முதல் மூன்று விநாடிக்குள் தள்ளிவிட்டுப் போனவர்கள் சதவீதம். அது இல்லாமல் மேலே பேச முடியாது.

---

ஊசிநூல் · ஜூன் 8, காலை 10:12

எனக்கும் இதே குழப்பம். ப்ளவுஸ் கட்டிங் வீடியோவ எத்தனை பேர் கேலரில டவுன்லோட் பண்ணாங்கன்னு எங்க பாக்குறது? சேவ்னா அதுதானே?

---

கீரைப்பாத்தி · ஜூன் 8, காலை 10:40

ஊசிநூல் அக்கா, இது வேற. அந்த நாடா மாதிரிக் குறியைத் தட்டி ஆப்புக்குள்ளேயே வைத்துக்கொள்வதுதான் சேவ். யார் வைத்தார்கள் என்று நமக்குத் தெரியாது, எத்தனை என்று மட்டும் தெரியும்.

ஸ்கிப் ரேட்: வேப்ப எண்ணெய் 41%, மோர் 36%, நார்க்கட்டி 24%, மண்கலவை 68%.

---

நெடுங்கணக்கு · ஜூன் 8, மதியம் 12:15

68 என்ற எண்ணில்தான் கதை இருக்கிறது. நூறில் 68 பேருக்கு அந்த ரீல் எதைப் பற்றியது என்றே தெரியாது. தலைப்பை அவர்கள் வேண்டாம் என்று சொல்லவில்லை, தலைப்பைப் பார்க்கவே இல்லை. அவர்களையும் சேர்த்து வகுத்தால் தலைப்புக்கு அநியாயம் செய்கிறோம்.

அதனால் நின்று பார்த்தவர்களை மட்டும் வைத்து வகுக்கலாம். ரீச்சிலிருந்து தள்ளிவிட்டவர்களைக் கழித்தால் மண்கலவைக்கு மிஞ்சுவது 1,248 பேர். அவர்களில் 117 சேவ், அதாவது ஆயிரத்துக்கு 94. வேப்ப எண்ணெய்க்கு நின்றவர்கள் 12,626, சேவ் ஆயிரத்துக்கு 48. மோருக்கு 18. நார்க்கட்டிக்கு 4.

ஷேரையும் அப்படியே போட்டால் மோர் 32, மண்கலவை 25, வேப்ப எண்ணெய் 15, நார்க்கட்டி 3.

ஷீட்டில் B ரீச், C ஸ்கிப் ரேட், D சேவ் என்று வைத்தால் இது போதும்:

```
=ROUND(D2/(B2*(1-C2))*1000, 0)
```

சேவும் ஷேரும் தலைப்பைப் பற்றிப் பேசுகின்றன. வாட்ச் டைம் பெரும்பாலும் எடுத்த விதத்தைப் பற்றிப் பேசுகிறது. மண்கலவைத் தலைப்புக்கு ஆள் இருக்கிறது, எடுத்த விதத்தில்தான் கோளாறு. அந்த ரீலின் முதல் ஐந்து விநாடியில் என்ன வருகிறது?

---

கீரைப்பாத்தி · ஜூன் 8, மதியம் 1:02

வணக்கம், பக்கத்தின் பெயர், பிறகு காலியான தொட்டி ஒன்று. அளவு சொல்ல ஆரம்பிப்பது ஏழாவது விநாடியில்.

---

கேமராக்கண் · ஜூன் 8, மதியம் 2:20

விடை கிடைத்துவிட்டது. ஆனாலும் முதல் மூன்று விநாடிக்கு அப்புறம் என்ன ஆனது என்று எந்த விநாடியில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று காட்டும் அந்த ரீலின் ரிடென்ஷன் கோட்டையும் பார்த்துவிடுங்கள். சராசரி 9 விநாடி என்பது ஒற்றை எண். இரண்டு விதமான கூட்டம் அதே ஒன்பதைத் தரும்: எல்லாரும் ஒன்பது விநாடி பார்த்துவிட்டுப் போயிருக்கலாம், அல்லது பெரும்பாலோர் இரண்டில் போய், மிச்சம் உள்ளவர்கள் கடைசிவரை உட்கார்ந்திருக்கலாம். இரண்டாவது என்றால் கோடு ஆரம்பத்தில் செங்குத்தாக விழுந்து, பிறகு தரையில் பாய் விரித்த மாதிரி நேராகப் போகும்.

கோடு மெதுவாகச் சரிந்துகொண்டே போனால் நீளம் அதிகம் என்று வைத்துக்கொள்ளலாம். ஒரே இடத்தில் படி மாதிரி இறங்கினால் அந்த விநாடிக்குப் போய் அங்கே என்ன இருக்கிறது என்று பாருங்கள். எங்காவது மேலே எழும்பினால் அங்கே திரும்ப ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள்.

---

கீரைப்பாத்தி · ஜூன் 8, மாலை 6:45

பாய் விரித்த மாதிரியேதான் இருக்கிறது. நாலாவது விநாடிக்குள் விழுந்துவிட்டு, அப்புறம் கிட்டத்தட்ட நேர்கோடு. 31ஆவது விநாடியில் ஒரு சின்ன மேடு. அளவுப் பட்டியலை எழுத்தில் காட்டிய இடம் அது.

---

திருச்சிக்காரன் · ஜூன் 8, இரவு 9:10

117 சேவ வச்சு இவ்வளவு பெரிய முடிவா? நாளைக்கு இன்னொரு ரீலுக்கு 80 வரும், அடுத்ததுக்கு 150 வரும். எல்லாம் அதிர்ஷ்டம்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 9, காலை 6:50

நியாயமான கேள்வி. சின்ன எண்கள் தானாகவே ஆடும். எவ்வளவு ஆடும் என்று தோராயமாகப் பார்க்க, எண்ணின் வர்க்கமூலத்தை எடுத்து இரட்டிப்பாக்கி, கூட்டியும் கழித்தும் பாருங்கள். 117க்கு வர்க்கமூலம் கிட்டத்தட்ட 11, இரட்டித்தால் 22. ஆகவே 95 முதல் 139 வரை எது வந்திருந்தாலும் ஆச்சரியப்பட வேண்டாம். நின்றவர்களுக்கு வகுத்தால் ஆயிரத்துக்கு 76 முதல் 111 வரை. வேப்ப எண்ணெய்க்கு அதே கணக்கு 44 முதல் 52 வரை. இரண்டும் ஒன்றையொன்று தொடவில்லை. சேவில் உள்ள வித்தியாசம் அதிர்ஷ்டத்தால் மட்டும் வந்தது அல்ல.

ஷேரில் உங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது. 31 என்பது 20 முதல் 42 வரை ஆடலாம், அதாவது ஆயிரத்துக்கு 16 முதல் 34. மோரின் 32 அதற்குள்ளேயே விழுகிறது. ஆகவே மண்கலவையை விட மோர் அதிகம் ஷேர் ஆகும் தலைப்பு என்று இந்த எண்களை வைத்துச் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. பத்துப் பதினைந்து ஷேர் மட்டும் உள்ள ரீல்களை ஒப்பிடவே கூடாது, அவ்வளவுதான்.

---

ஊசிநூல் · ஜூன் 9, காலை 11:30

நான் யூடியூப் ஷார்ட்ஸ்ல போடறேன். அங்க இந்தக் கணக்கு வருமா? போன வருஷத்துக்கு முன்னாடி போட்டதுக்கெல்லாம் வியூஸ் கம்மி, இப்ப போடறதுக்கு ஜாஸ்தி. நல்லா எடுக்க ஆரம்பிச்சுட்டேன்னு நினைச்சேன்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 9, மதியம் 12:05

நல்லாவும் எடுத்திருக்கலாம், ஆனால் அந்த உயர்வை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம் அக்கா. 2025 மார்ச் 31 முதல் ஷார்ட்ஸில் வியூ எண்ணும் முறையையே மாற்றிவிட்டார்கள். ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. பழைய முறையிலான எண் ஸ்டுடியோவில் Engaged views என்ற பெயரில் இருக்கிறது. பழைய ஷார்ட்ஸையும் புதியதையும் ஒப்பிட அதையே எடுங்கள், வகுப்பதற்கும் அதையே வையுங்கள்.

சேவுக்குப் பதிலாக, பிளேலிஸ்டில் சேர்த்தவர்கள் எண்ணிக்கையை ஸ்டுடியோவின் அட்வான்ஸ்டு மோடில் பார்க்கலாம். ப்ளவுஸ் அளவு மாதிரி திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டிய விஷயத்துக்கு அது நல்ல அறிகுறி. பார்த்த சதவீதம் நூறைத் தாண்டிக் காட்டினால் பயப்பட வேண்டாம், சுற்றி ஓடுவதால் வருவது. ஒன்று மட்டும்: யூடியூப் எண்ணையும் இன்ஸ்டா எண்ணையும் ஒரே வரிசையில் வைக்காதீர்கள்.

---

ஆடிப்பட்டம் · ஜூன் 10, அதிகாலை 5:20

தம்பிகளா, எண்ணெல்லாம் சரி. காலத்தைக் கணக்கில் எடுத்தீர்களா? மாவுப்பூச்சி வெயில் காலத்தில் செம்பருத்தியை மொய்க்கும். அந்த ரீல் எப்போது போட்டது? சித்திரையில் போட்டிருந்தால் வீட்டுக்கு வீடு செடியில் வெள்ளை பூத்திருக்கும், சேவ் பண்ணாமல் என்ன செய்வார்கள்? மண்கலவை யாருக்குத் தேவை? விதைக்கப் போகிறவனுக்கு. ஆடிப்பட்டம் தேடி விதை என்பார்கள். ஆனி பாதியில்தான் பையை நிரப்ப ஆரம்பிப்பார்கள். வைகாசியில் போட்டதற்கே இவ்வளவு சேவ் என்றால் ஆனிக் கடைசியில் போட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. அந்த ரீலில் நார்க்கழிவை அலசாமல் கலக்கிறீர்கள். உப்பு நிற்கும், நாற்று இலை ஓரம் கருகும். இரண்டு மூன்று தடவை தண்ணீர் மாற்றி அலசிப் பிழிந்த பிறகு கலக்க வேண்டும். திரும்ப எடுக்கும்போது திருத்துங்கள்.

---

கீரைப்பாத்தி · ஜூன் 10, காலை 8:00

ஐயா சொன்னது சரி. வேப்ப எண்ணெய் ஏப்ரல் கடைசி, மோர் மே முதல் வாரம், நார்க்கட்டி மே மூன்றாம் வாரம், மண்கலவை மே கடைசி. அலசுவதைச் சேர்த்துவிடுகிறேன்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 10, காலை 9:15

ஐயா சொன்ன பிறகு நேற்று நான் எழுதியதை ஒரு இடத்தில் தளர்த்த வேண்டும். சேவ் என்பது பிறகு தேவைப்படும் என்ற எண்ணம். அந்தப் பிறகு எப்போது என்பது பருவத்தைப் பொறுத்தது. ஆகவே ஏப்ரல் ரீலின் 48ஐயும் மே ரீலின் 94ஐயும் நேருக்கு நேர் வைத்தது முழுக்க நியாயம் இல்லை. ஒரே மாதத்துக்குள் போட்டதை ஒப்பிடுவது நல்லது. பருவம் சாராத தலைப்பு என்றால் இந்தக் கவலை குறைவு.

ஏழாம் நாள் குறித்து வைத்தது மிகச் சரியான பழக்கம். ஷேர் பெரும்பாலும் முதல் இரண்டு மூன்று நாளில் கொட்டித் தீர்ந்துவிடும், சேவ் பின்னாலும் சொட்டிக்கொண்டே இருக்கும். இன்சைட்ஸில் இன்று திறந்து பார்த்தால் இன்றுவரைக்குமான மொத்தம்தான் வரும், ஆறு வாரப் பழைய ரீலுக்கு சேவ் கூடுதலாகத் தெரியத்தான் செய்யும். ஏழாம் நாளைத் தவறவிட்டவர்களுக்கு அந்த எண் அப்புறம் கிடைக்காது.

---

கேமராக்கண் · ஜூன் 11, இரவு 10:40

நெடுங்கணக்கு சார், இரண்டு சந்தேகம்.

ஸ்கிப் ரேட் வியூஸ் மேல் போட்ட சதவீதம். ரீச் என்பது ஆள் கணக்கு. இரண்டையும் பெருக்கினால் நின்றவர்கள் என்று சொல்வது துல்லியம் இல்லையே?

இன்னொன்று, 3,900 ரீச் உள்ள ரீலைப் பார்த்தவர்கள் யார்? வெளியே போகாத ரீல் என்றால் பெரும்பாலும் ஃபாலோயர்ஸ்தான் பார்த்திருப்பார்கள். தோட்டம் வைத்திருப்பவர்கள் அவர்கள். சேவ் பண்ணத்தான் செய்வார்கள். 88,000க்குப் போன நார்க்கட்டியைச் செடியே வைக்காதவர்களும் பார்த்திருப்பார்கள். கூட்டம் பெருகப் பெருக விகிதம் நீர்த்துப்போகும். அப்படியானால் 94 என்ற எண் தலைப்பின் பலமா, கூட்டத்தின் பலமா?

---

நெடுங்கணக்கு · ஜூன் 12, காலை 7:10

முதலாவதற்கு: ஒப்புக்கொள்கிறேன், அது தோராயம். நாலு ரீலுக்கும் ஒரே மாதிரித் தோராயம் என்பதால் வரிசை பெரும்பாலும் மாறாது. ஆனால் 94ஐ 94 என்று நம்ப வேண்டாம், மற்றதை விடக் கணிசமாக மேலே என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நார்க்கட்டி போலச் சுற்றி ஓடும் ரீலில் பிழை இன்னும் கூடும்.

இரண்டாவதுதான் முக்கியம், அதை நான் முதலிலேயே கேட்டிருக்க வேண்டும். கீரைப்பாத்தி, நான்கிலும் ஃபாலோ செய்யாதவர்கள் எத்தனை சதவீதம்?

---

கீரைப்பாத்தி · ஜூன் 12, காலை 8:25

வேப்ப எண்ணெய் 64, மோர் 81, நார்க்கட்டி 93, மண்கலவை 22.

---

நெடுங்கணக்கு · ஜூன் 12, காலை 9:00

கேமராக்கண் பிடித்தது சரி. 94இல் ஒரு பங்கு ஃபாலோயர்களின் விசுவாசம். எவ்வளவு பங்கு என்று இந்த எண்களிலிருந்து பிரிக்க முடியாது, ஏனென்றால் சேவ் செய்தவர்களில் யார் ஃபாலோயர் என்று இன்ஸ்டா காட்டுவதில்லை.

பிரித்துப் பார்க்க வழி, டிரையல் ரீல். அதைப் போட்டால் முதலில் ஃபாலோ செய்யாதவர்களிடம் மட்டும் போகும். மண்கலவையைப் புதிதாக எடுத்து அப்படிப் போட்டுப் பாருங்கள். போடும்போது, முதல் 72 மணி நேரத்தில் நன்றாக ஓடினால் தானாக எல்லாருக்கும் காட்டும் தேர்வை அணைத்து வையுங்கள், இல்லாவிட்டால் ஓட ஆரம்பித்ததும் ஃபாலோயர்ஸ் கலந்துவிடுவார்கள்.

எடுக்கும்போது தலைப்பை மாற்றாதீர்கள், திறப்பை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் மாற்றினால் எதனால் ஏறியது என்று தெரியாது.

---

கேமராக்கண் · ஜூன் 12, மாலை 4:30

திறப்புக்கு என் யோசனை: வணக்கமும் பெயரும் வேண்டாம். முதல் படமே மூன்று குவியல், செம்மண், மண்புழு உரம், பிழிந்த நார்க்கழிவு. ஒரே குவளையால் அளந்து கொட்டும் கை. ஒன்றுக்கு ஒன்றுக்கு ஒன்று என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். விடையை முன்னாலேயே கொடுத்தால் போய்விடுவார்கள் என்று பயம் வரும். விடை தெரிந்த பிறகு, நார்க்கழிவை ஏன் அலச வேண்டும், ஒரு பைக்கு எத்தனை குவளை என்பதற்காக நிற்பார்கள்.

31ஆவது விநாடி மேடு இன்னும் உறுத்துகிறது. எழுத்துப் பட்டியல் எத்தனை விநாடி திரையில் இருந்தது?

---

கீரைப்பாத்தி · ஜூன் 12, மாலை 5:05

மூன்று விநாடிதான். ஒன்பது வரி.

---

கேமராக்கண் · ஜூன் 12, மாலை 5:20

ஒன்பது வரியை மூன்று விநாடியில் யாரும் படிக்க முடியாது. படிக்க முடியாததால் சேவ் செய்திருக்கலாம். அது தலைப்பின் பலம் என்று சொல்ல முடியாது, அவசரமாகக் காட்டியதன் விளைவு. புதிய ரீலில் பட்டியலை விளக்கக் குறிப்பில் எழுதிவிடுங்கள். "சேவ் பண்ணிக்கோங்க" என்று வாயால் சொல்வதும் வேண்டாம். அதைச் சொன்ன ரீலையும் சொல்லாத ரீலையும் ஒப்பிட்டால் சொன்னது ஜெயிக்கும், தலைப்பு எதுவானாலும்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 12, இரவு 8:45

இதில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. படிக்க முடியாத பட்டியல் எத்தனையோ ரீலில் வருகிறது, எல்லாவற்றையும் சேவ் செய்வதில்லை. தேவை இருப்பவன்தான் படிக்க முடியாததற்காக மெனக்கெடுவான். ஆனால் குறிப்பில் எழுதிப் பார்க்கச் சொன்னது நல்ல சோதனை, செய்யட்டும்.

---

திருச்சிக்காரன் · ஜூன் 13, காலை 7:55

அப்ப மோர் ரீல விட்டுடறதா? 940 ஷேர் சும்மாவா வந்துச்சு?

---

ஆடிப்பட்டம் · ஜூன் 13, காலை 8:30

அந்த 940இல் எத்தனை பேர் "பாரு, மோர் ஊத்தினா துளிர்க்குமாம்" என்று சண்டை போட அனுப்பினார்கள் என்று யாருக்குத் தெரியும்? எங்கள் வீட்டு வாட்ஸப் குழுவுக்கு வந்தது அப்படித்தான்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 13, காலை 9:40

ஐயா சொல்வது நடக்கக்கூடியதே. ஷேர் யாருக்கு, ஏன் போனது என்று தெரியாது. ஒரு துப்பு உண்டு: ஷேர் ஏறி லைக் ஏறாமல், கமென்டில் வாக்குவாதம் நிறைந்திருந்தால் அந்த ஷேரைத் தலைப்பின் பலமாக எடுக்காதீர்கள்.

அப்படி இல்லை என்றால் திருச்சிக்காரன் சொல்வதும் சரியே, மோர் ரீலை விட வேண்டாம். அதன் வேலை வேறு. அம்மாவுக்கு, அக்காவுக்கு அனுப்பத் தோன்றுகிற தலைப்பு புதிய ஆட்களைக் கொண்டுவரும். வந்தவர்கள் பக்கத்தில் தங்குவது சேவ் ஆகும் தலைப்புகளால். நார்க்கட்டிதான் எனக்கு இரண்டுக்கும் உதவாததாகத் தெரிகிறது. 16 விநாடியில் 15 பார்க்கிறார்கள் என்பது கட்டி விரிவதைப் பார்க்கும் ஆசை, தோட்டத்தின் மேல் ஆசை இல்லை. 16 விநாடி ரீலின் சதவீதத்தை 52 விநாடி ரீலின் சதவீதத்தோடு ஒப்பிடுவதும் ஆகாது. ஆனால் அந்தக் காட்சி வீணில்லை. மண்கலவை ரீலின் திறப்பாக இரண்டு விநாடி அதைப் போடலாம்.

---

கேமராக்கண் · ஜூன் 13, காலை 10:05

சார், இப்போது நீங்களே இரண்டு விஷயத்தை மாற்றச் சொல்கிறீர்கள்.

---

நெடுங்கணக்கு · ஜூன் 13, காலை 10:20

உண்மை. திறப்புக்கு மூன்று குவியல் மட்டும் போதும். நார்க்கட்டியை அடுத்த சுற்றுக்கு வையுங்கள்.

---

கீரைப்பாத்தி · ஜூலை 2, காலை 7:15

புதிய மண்கலவை ரீல், 34 விநாடி, டிரையலாகப் போட்டு 72 மணி நேரம் ஆகிறது. ரீச் 2,600. ஸ்கிப் ரேட் 44%. சேவ் 71, ஷேர் 40. சராசரி 15 விநாடி. பட்டியல் குறிப்பில் இருக்கிறது, சேவ் செய்யச் சொல்லவில்லை, நார்க்கழிவு அலசுவது சேர்த்தாகிவிட்டது.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். நின்றவர்கள் 1,456. சேவ் ஆயிரத்துக்கு 49, ஷேர் 27. சேவ் பாதியாகிவிட்டதே?

---

நெடுங்கணக்கு · ஜூலை 2, காலை 8:50

பாதியாகும் என்றுதான் எதிர்பார்த்தேன். ஃபாலோயர்ஸ் இல்லை, பட்டியலைப் படித்துவிட முடிகிறது, மூன்றே நாள். மூன்றும் சேவ் எண்ணிக்கையைக் குறைக்கும் காரணங்கள். 71க்கு ஆட்டம் 17, ஆகவே ஆயிரத்துக்கு 37 முதல் 60 வரை. அப்படியும் வேப்ப எண்ணெயோடு சமமாக நிற்கிறது. வேப்ப எண்ணெயின் 48இல் ஃபாலோயர்ஸ் சேவும், ஏழு நாள் சேவும் கலந்திருக்கின்றன.

ஷேர்தான் எனக்குச் சந்தோஷம். குறையும் என்று நினைத்தேன், 25இல் இருந்தது 27 ஆகி நிற்கிறது. பார்த்தவர்கள் ஏறக்குறைய எல்லாருமே புதியவர்கள். ஸ்கிப் 68இலிருந்து 44க்கு வந்ததில் பாதிப் பெருமை கேமராக்கண்ணுக்கு.

---

கேமராக்கண் · ஜூலை 2, காலை 9:30

ஸ்கிப் இறங்கியதில் திறப்புக்கு எவ்வளவு பங்கு, பருவத்துக்கு எவ்வளவு பங்கு என்று பிரிக்க முடியாது. பழையது மே கடைசி, இது ஆனி. ஆடிப்பட்டம் ஐயா சொன்ன காரணமாகவும் இருக்கலாம்.

---

ஆடிப்பட்டம் · ஜூலை 2, மதியம் 1:10

கமென்டைப் படித்தேன். எண்ணைப் பார்க்கிற அவசரத்தில் அதை யாரும் சொல்லவில்லை. ஐந்தாறு பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: அடுக்குமாடியில் இருக்கிறோம், செம்மண் எங்கே கிடைக்கும், அது இல்லாமல் கலக்கலாமா என்று. அடுத்த ரீல் அதுதான்.

---

கீரைப்பாத்தி · ஜூலை 2, மாலை 6:00

நானும் அதைத்தான் நினைத்தேன். செம்மண் இல்லாத கலவை, 35 விநாடிக்குள், இதே மாதிரித் திறப்பு. ஆடி பிறப்பதற்குள் போட்டுவிடுகிறேன். டிரையல் ரீலை நாளை எல்லாருக்கும் திறந்துவிடுகிறேன். ஏழாம் நாள் எண்ணை ஜூலை 6 அன்று குறிக்கலாமா, அல்லது திறந்த நாளிலிருந்து ஏழா?

---

நெடுங்கணக்கு · ஜூலை 2, இரவு 7:25

இரண்டையும் குறியுங்கள். ஒப்பிடும்போது இதைப் பழைய நான்கோடு சேர்க்காமல் தனி வரிசையில் வையுங்கள். செம்மண் இல்லாத கலவையையும் முதலில் டிரையலாகப் போட்டால் அந்த வரிசைக்கு இரண்டாவது ஆள் கிடைக்கும்.

---

ஊசிநூல் · ஜூலை 2, இரவு 9:50

பிளேலிஸ்டில் சேர்த்த கணக்க பாத்தேன். ப்ளவுஸ் கட்டிங்கவிட, அளவு எடுக்கற ஷார்ட்ஸுக்கு ஜாஸ்தி இருக்கு. Engaged views வச்சு வகுத்தும் அதேதான் வருது. அளவு எடுக்கறதுலயே கை அளவு மட்டும் தனியா ஒண்ணு எடுக்கப் போறேன். கமென்ட்ல அதத்தான் கேக்கறாங்க.